பேரரசை உடைத்தது தேசியவாதமா, ரொட்டிப் பஞ்சமா?

இந்தியக் குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2015இல் ஒரு கேள்வி வந்தது: இரண்டு உலகப் போர்களுக்கும் ஜெர்மனியை எந்த அளவுக்குப் பொறுப்பாக்க முடியும்? இந்த ‘எந்த அளவுக்கு’ வகைக் கேள்வியைப் பார்த்ததும் தேர்வர்கள் பலர் தெரிந்த காரணங்களையெல்லாம் அடுக்கிவிட்டு, ‘ஆகவே இதுவும் ஒரு முக்கியக் காரணம்’ என்று முடித்துவிடுகிறார்கள். எந்தக் காரணம் எவ்வளவு கனம், எந்தக் கட்டத்தில் கனம் என்று கேட்டதற்கு அதில் பதிலே இருக்காது.

அதே வகையில் இன்னொரு கேள்வி உண்டு. பல இனப் பேரரசுகள் சிதைந்ததற்குத் தேசியவாதம் எந்த அளவுக்குக் காரணம்? இதற்கு விடை எழுத ஆஸ்திரிய-ஹங்கேரியைவிட வாகான களம் கிடைப்பது அரிது. 1910 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 5 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். ஜெர்மன் பேசியவர்கள் கால்வாசிகூட இல்லை. ஹங்கேரிய மொழி பேசியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மற்றவர்கள் செக், போலிஷ், உக்ரைனியன், ருமேனியன், குரோஷியன், செர்பியன், ஸ்லோவாக், ஸ்லோவேனியன், இத்தாலியன் என்று பல மொழிக்காரர்கள். 1867இல் செய்த உடன்பாட்டால் அரசர் ஒருவர், அரசாங்கம் இரண்டு: வியன்னாவில் ஒன்று, புடாபெஸ்டில் ஒன்று.

தேசியவாதத்தின் பக்கம் வாதாட ஆதாரத்துக்குப் பஞ்சமில்லை. 1897இல் பிரதமர் படேனி ஓர் ஆணை போட்டார். போஹீமியாவிலும் மொராவியாவிலும் வேலை பார்க்கும் அரசு ஊழியர்கள் செக், ஜெர்மன் இரண்டும் கற்றிருக்க வேண்டும் என்றது அது. படித்த செக் மக்களுக்கு ஜெர்மன் ஏற்கெனவே தெரியும். ஜெர்மானியர்களில் செக் தெரிந்தவர்கள் குறைவு. வேலை பறிபோகுமே என்ற பயம் தெருவுக்கு வந்தது. வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் மேசைப் பலகைகளை அடித்து ஓசை எழுப்பினார்கள், கைகலந்தார்கள். கடைசியில் அவைக்குள் போலீஸே நுழைந்தது. அப்போது வியன்னாவில் தங்கியிருந்த மார்க் ட்வைன் இந்தக் கூத்தை ஒரு கட்டுரையாகவே எழுதினார். நவம்பர் முடிவதற்குள் படேனியின் பதவி போனது.

பல விடைத்தாள்கள் இங்கேயே நின்றுவிடும்: இவ்வளவு சண்டை, ஆகவே உடைவு நிச்சயம் என்று. ஆனால் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை பேரரசிடமிருந்து பிய்த்துக்கொண்டு போவதற்கானவை அல்ல. பேரரசுக்குள் கூடுதல் பங்கு கேட்டு நடந்தவை. பள்ளி, நீதிமன்றம், ஊர்ப் பலகை, வேலை என்று எல்லாமே அந்த அரசு தர வேண்டியவை. சமரசமும் நடந்தது. மொராவியாவில் 1905இல் செக், ஜெர்மன் வாக்காளர்களுக்குத் தனித்தனிப் பட்டியல் வைத்து இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். 1907இல் ஆஸ்திரியப் பாதியில் எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. ஹங்கேரியப் பாதியில் நிலைமை வேறு: வாக்குரிமை மிகச் சிலருக்கே, பள்ளிகளில் ஹங்கேரிய மொழித் திணிப்பு. இந்த வேறுபாட்டைக் குறிப்பிடும் விடை அங்கேயே மற்றவற்றை முந்திவிடும்.

எடை போட உதவும் ஒரு தேதி உண்டு: 1917 மே 30. 1914 மார்ச்சிலிருந்தே மூடிக்கிடந்த வியன்னா நாடாளுமன்றம் அன்று மீண்டும் கூடியது. செக் உறுப்பினர்கள் எழுந்து தங்கள் மக்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்றார்கள். தென் ஸ்லாவிய உறுப்பினர்களும் அதையே கேட்டார்கள். ஆனால் இரு தரப்பும் கேட்டது ஹாப்ஸ்பர்க் முடியின் கீழேயே ஒரு நாடு. வெளிநாடுகளில் இருந்துகொண்டு முழு விடுதலைக்கு ஆள் திரட்டிய மசாரிக் போன்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. என்றாலும், ஏறத்தாழ மூன்று ஆண்டுப் போருக்குப் பிறகும் உள்நாட்டுத் தலைவர்கள் வாசலைத் தாண்டவில்லை. அப்படியானால் அடுத்த பதினேழு மாதங்களில் என்ன நடந்தது?

முதலில் வயிறு. தானியம் விளையும் கலீசியா 1914லேயே போர்க்களமாகிவிட்டது. கடல் வழியை நேச நாடுகள் அடைத்தன. ஹங்கேரி தன் தானியத்தை ஆஸ்திரியாவுக்குக் கிள்ளிக் கொடுத்தது. 1918 ஜனவரியில் ஒரு நாளுக்கு 200 கிராமாக இருந்த மாவுப் பங்கீட்டை 165 கிராமாகக் குறைத்தார்கள். 14ஆம் தேதி வீனர் நோய்ஷ்டாட் ஊரின் டைம்லர் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களில் வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் பரவியது. தெருவில் இறங்கியவர்கள் பேரரசை ஆண்ட இரண்டு இனங்களின் தொழிலாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குப் பிரிந்துபோக வேறு தேசம் ஏது?

அடுத்து வெளியார் முடிவு. அமெரிக்க அதிபர் வில்சன் 1918 ஜனவரியில் அறிவித்த 14 அம்சங்களில் இந்த மக்களுக்குத் தன்னாட்சி வளர்ச்சிதான் கேட்டிருந்தார். செப்டம்பரில் அமெரிக்கா செக்கோஸ்லோவாக் தேசிய மன்றத்தை அரசாங்கமாகவே ஏற்றது. அக்டோபர் 16இல் பேரரசர் கார்ல் ஆஸ்திரியப் பாதியைக் கூட்டாட்சியாக்குவதாக அறிவித்தபோது ஹங்கேரியைத் தொடவே இல்லை. இரண்டே நாளில் வில்சனின் பதில் தயாராகிவிட்டது: தன்னாட்சி மட்டும் இனிப் போதாது.

அக்டோபர் 28 காலையில் பிராக் நகரில் செக் தேசியக் குழுவினர் முதலில் கைப்பற்றிய இடம் படை முகாமும் அல்ல, ஆளுநர் மாளிகையும் அல்ல. போர்க்காலத் தானியக் கழகத்தின் அலுவலகம். அங்கிருந்த அலுவலர்களிடம் புதிய நாட்டுக்கு விசுவாச உறுதி வாங்கிக்கொண்டார்கள். சோறு போடுவது யார் கையில் இருக்கிறதோ அவர்களே அரசு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டினி பழைய அரசின் மேலிருந்த நம்பிக்கையைக் கரைத்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆளும் கொடியும் குழுவுமாகத் தயாராக நின்றது தேசியவாதம்.

ஒரு மறுப்பையும் சந்திக்க வேண்டும். போரே சரயேவோவில் ஒரு தேசியவாதியின் துப்பாக்கியிலிருந்து கிளம்பியதுதானே? ஆம், ஆனால் கொலைக்கும் போருக்கும் நடுவில் ஒரு மாதம் இருக்கிறது. செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடலாம் என்று முடிவெடுத்தவர்கள் வியன்னாவின் அமைச்சர்களும் தளபதிகளும். தேசியவாதத்தைக் கண்டு அவர்கள் கொண்ட அச்சம், தேசியவாதம் தானாகச் செய்திருக்கக்கூடியதைவிடப் பெரிய சேதத்தைச் செய்தது.

ஆக, விடைத்தாளின் முதல் பத்தியில் இப்படி எழுதலாம்: “ஆஸ்திரிய-ஹங்கேரி எந்தக் கோடுகளில் பிளக்கும் என்பதைத் தேசியவாதம் தீர்மானித்தது, ஆனால் 1918இல் பிளந்ததற்குப் போர்த் தோல்வியும் உணவுப் பஞ்சமும் நேச நாடுகளின் மனமாற்றமும் கூடுதல் பொறுப்பு. போருக்கு முன் அது சமாளிக்கக்கூடிய நெருக்கடியாகவே இருந்தது.” பிறகு வரும் ஒவ்வொரு பத்தியும் இந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை நிறுவ வேண்டும். 1914க்கு முந்திய சான்றுகளை வைத்தே 1918ஐ விளக்கிவிட்ட தாளைத் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இந்தத் தீர்ப்பை அப்படியே மற்றப் பேரரசுகளுக்கு ஒட்டிவிட முடியாது. ஒட்டோமான் பேரரசு 1912-13 பால்கன் போர்களிலேயே ஐரோப்பிய நிலத்தில் பெரும்பகுதியைத் தேசிய அரசுகளிடம் இழந்தது. அங்கே தேசியவாதத்தின் எடை கூடும். சோவியத் ஒன்றியத்தில் 1991 மார்ச் மாதம் நடந்த வாக்கெடுப்பில், பங்கேற்ற குடியரசுகளில் வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் புதுப்பிக்கப்பட்ட ஒன்றியம் தொடரட்டும் என்றார்கள். உக்ரைனிலும் பெரும்பான்மை அதுவே. பால்டிக் நாடுகள் உட்பட ஆறு குடியரசுகள் அதைப் புறக்கணித்தன. அதே உக்ரைனில் டிசம்பர் 1இல் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் விடுதலைக்கு வாக்களித்தார்கள். இடையில் நடந்தது ஆகஸ்டில் மாஸ்கோவில் தோற்றுப்போன ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி. சோவியத் விடையை எழுதுபவர் தன் தராசை வைக்க வேண்டிய இடம் அந்த ஒன்பது மாதம்.