காபி டம்ளரில் இருந்த கொழுப்பு: மூன்று மாத உணவுக் குறிப்பேடு

எனக்கு வயது 52. தஞ்சாவூரில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் சமைப்பவளும் நானே, நோயாளியும் நானே. இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். கொழுப்பு கூடுதலாக இருப்பதாகத் தெரிந்த நாள் முதல் மூன்று மாதங்கள் எழுதி வந்த குறிப்புகளுள் சிலவற்றை இங்குத் தருகிறேன்.

ஜூன் 4

எல்.டி.எல். அளவு 178. உடல் எடை 66 கிலோ. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த அளவு உயர்வது உண்டு என்றார் மருத்துவர். தைராய்டு குறைபாட்டாலும் இது உயரக்கூடும் என்பதால் அதையும், சர்க்கரையையும் பரிசோதித்தார். இரண்டும் சரியாகவே இருந்தன.

என் அண்ணன் 49 வயதில் மாரடைப்பால் காலமானதைச் சொன்னேன். மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மூன்று மாதம் உணவை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு மாத்திரை பற்றி முடிவு செய்வோம். உண்பது அனைத்தையும், குடிப்பதையும் சேர்த்து, ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்" என்றார். மாத்திரை இல்லாமலே இதை வென்றுவிட வேண்டும் என்று அன்றே உறுதி கொண்டேன்.

ஜூன் 11

முட்டையை நிறுத்தினேன். நெய்யை நிறுத்தினேன். தாளிப்பதற்குக்கூட எண்ணெய் விடுவதில்லை. சோறும் ரசமும் ஆவியில் வெந்த காயுமே உணவு. பதினோரு மணிக்கெல்லாம் பசி எடுக்கிறது. பசித்தால் இரண்டு ரஸ்க்கும் ஒரு காபியும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 5

ஒரு மாதம் கடுமையாக இருந்தும் எடை 67 கிலோ. மனம் சோர்ந்துவிட்டது. மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் நோட்டைக் கொடுத்தேன். அவர் முட்டையையும் நெய்யையும் தேடவில்லை. காபி என்று எழுதிய இடங்களிலெல்லாம் பென்சிலால் வட்டமிட்டார். பிறகு, "என்ன பால் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டார். 6 சதவீதக் கொழுப்பு உள்ள கெட்டிப் பால் என்றேன்.

அவர் போட்ட கணக்கை அப்படியே எழுதுகிறேன். நாளொன்றுக்கு நான்கு காபிக்கு 400 மில்லி பால்; தயிருக்கு 100 மில்லி. ஆக 500 மில்லி. அதில் கொழுப்பு 30 கிராம். பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 'நிறைவுற்ற கொழுப்பு' என்னும் வகையைச் சேர்ந்தது. நெய், தேங்காய் எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் மிகுந்திருப்பதும் அதுவே. அந்தக் கணக்கில் பாலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 20 கிராம் எனக்குள் சென்றுகொண்டிருந்தது. என் உடல்வாகுக்கு, எல்லா உணவிலிருந்தும் சேர்த்து, நாளொன்றுக்கு 13 கிராமுக்குள் இருக்க வேண்டுமாம். இதற்கு மேல் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. 30 கிராம் துருவலில் ஏறக்குறைய 9 கிராம்.

ஏன் இந்த வகைக்கு மட்டும் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்டேன். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைக் கல்லீரல் தன் வாயில்கள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால் அவ்வாயில்கள் குறைந்துவிடுகின்றன. உள்ளே செல்ல முடியாத துகள்கள் இரத்தத்திலேயே தங்குகின்றன என்று விளக்கினார். முட்டையின் பங்கு இதனினும் சிறியது. நான் சிறிய கதவை அடைத்துவிட்டுப் பெரிய கதவைத் திறந்து வைத்திருந்தேன். எண்ணெயை நிறுத்தியதும் பிழையே. நல்லெண்ணெய் மூன்று தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். எண்ணெயை விட்டுச் சோற்றைக் கூட்டியதால்தான் பசியும் எடையும் ஏறின.

ஜூலை 8

1.5 சதவீதக் கொழுப்பு உள்ள டபுள் டோன்டு பால் வாங்கினேன். காபி இரண்டு வேளை. தயிரோடு சேர்த்து நாளுக்கு 300 மில்லி. இப்போது பாலின் நிறைவுற்ற கொழுப்பு 3 கிராம்தான். சட்னிக்குத் தேங்காய்க்குப் பதில் நிலக்கடலை அல்லது தக்காளி, புதினா.

மாமியார் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துவிட்டார். "இது காபியா, கழுநீரா?" என்று டம்ளரை நகர்த்தி வைத்தார். அவருக்கு வயது 78, மெலிந்த உடல். அவருக்குக் கெட்டிப் பால் தேவை என்றே உணவியல் நிபுணரும் சொல்லியிருந்தார். "இது எனக்கு மட்டும் அத்தை, உங்களுக்குப் பழைய பால்தான்" என்று சொல்லி இரண்டு பாத்திரங்கள் வைத்தேன்.

ஜூலை 20

இனிக் கூட்ட வேண்டியவை. காலையில் பார்லிக் கஞ்சி, மதியம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது தட்டைப்பயறு, வாரத்தில் நான்கு நாள் வெண்டைக்காய். இவற்றில் நீரில் கரையும் நார்ச்சத்து உள்ளது. கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்தநீரைச் செய்கிறது. இந்த நார், குடலில் பித்தநீரின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை எடுத்துக்கொள்கிறது.

முதல் நாளே முழுக் கிண்ணம் உண்டதால் வயிறு உப்பி, இரவெல்லாம் தூக்கமில்லை. கால் கிண்ணத்தில் தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டினேன். தண்ணீரும் கூடுதலாகக் குடித்தேன். பிறகு தொல்லை இல்லை. பதினோரு மணிப் பசியும் ரஸ்க்கும் தாமே நின்றுவிட்டன.

ஆகஸ்ட் 14

எனக்கு அன்போடு காலைக் காபி போட்டுத் தருபவன் மகன். இன்று ஆறிய டம்ளரின் மேல் தடித்த ஆடை படிந்திருந்தது. என் பாலில் அவ்வளவு ஆடை வராது. விசாரித்தால், ஒரு வாரமாகப் பாட்டியின் பாத்திரத்திலிருந்தே ஊற்றியிருக்கிறான். அவனைக் கடிந்துகொள்ளவில்லை. என் பாத்திரத்தின் மூடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் 5

அதே ஆய்வகம், அதே போல் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். எல்.டி.எல். 149. எடை 64.5 கிலோ.

29 குறைந்திருக்கிறது, நூற்றுக்கு 16 பங்கு. மகிழ்ச்சியோடு மருத்துவரிடம் நீட்டினேன். உணவால் எதிர்பார்க்கக்கூடிய நல்ல பலன் இது என்றார். ஆயினும் அண்ணனின் மரணத்தை வைத்துப் பார்க்கும்போது எனக்கு 149 போதாது என்றும், குறைந்த அளவில் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாம் என்றும் சொன்னார்.

கண் கலங்கிவிட்டது. "அப்படியானால் இந்த மூன்று மாதமும் வீண்தானே, டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன விடை இது: "ஸ்டாட்டின் மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது நூற்றுக்கு 6 பங்கு அளவே. நீங்கள் சமையலறையில் குறைத்தது 16. உணவை மாற்றாமல் வந்திருந்தால், அந்தக் குறைவை எட்ட மாத்திரையை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்திருக்கும். சிறிய அளவில் தொடங்க முடிவதே உங்கள் உணவால்தான். பழைய பாலுக்குத் திரும்பினால் இந்த 16-ம் திரும்பிவிடும்."

இன்று இரவு முதல் மாத்திரையை உட்கொண்டேன். ஆறு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுக்க வேண்டும். சிவப்பு நூல் மூடியிலேயே இருக்கிறது.