மின்சார அலையைத் துரத்தும் நான்கு வரிகள்

மாடியில் சோலார் பலகை வைத்திருக்கும் வீடுகளில், சுவரில் மாட்டிய இன்வெர்ட்டர் காலையில் விழித்ததும் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கிவிடுவதில்லை. முதலில் தெருக்கம்பியில் ஓடும் மின்னழுத்த அலையைக் கொஞ்ச நேரம் கவனிக்கிறது. அந்த அலை ஒரு வினாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. இன்வெர்ட்டர் அனுப்பும் மின்னோட்டமும் அதே நேரத்தில் ஏறி, அதே நேரத்தில் இறங்கவேண்டும். 20 பாகை பிசகினால் மின்திறன் காரணி 0.94 ஆகக் குறையும். நேர் எதிராகத் தொடங்கினால் பாதுகாப்புச் சுற்று உடனே இணைப்பைத் துண்டிக்கும்; அது துண்டிக்கத் தவறினால் உள்ளே இருக்கும் குறைக்கடத்திச் சுவிட்சுகள் எரியும்.

ஆக, இன்வெர்ட்டருக்கு ஒவ்வொரு கணமும் தெரியவேண்டியது ஒன்றுதான்: அலை தன் சுற்றில் இப்போது எத்தனையாவது பாகையில் நிற்கிறது? இதைத்தான் கட்டம் என்கிறோம். அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. பக்கத்து வெல்டிங் பட்டறை ஓடும்போது அந்த இடத்தில் அலை நடுங்கி, ஒரே கடப்பு மூன்று நான்காகத் தெரியும். தவிர, ஒரு கடப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள 10 மில்லி வினாடியும் இன்வெர்ட்டர் குருட்டாட்டம் ஆடவேண்டும்.

இதற்கான வழி மின்னணுக் கணினிகளுக்கும் முந்தையது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி தெ பெல்லிஸே 1932-இல் வானொலி ஏற்பிக்காக எழுதிய கட்டுரையில் அதன் அடிப்படை இருக்கிறது: வரும் அலையை அளக்காதே, அதைப்போலவே ஒன்றை உள்ளே ஓடவிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு உள்ளே ஓடுவதைத் திருத்து. இதுதான் ஃபேஸ் லாக்டு லூப், சுருக்கமாக பி.எல்.எல். அன்று வால்வுகள் செய்த வேலையை இன்று ஒரு சிறு செயலி, 0.1 மில்லி வினாடிக்கு ஒருமுறை நான்கு வரிகளை ஓட்டிச் செய்துவிடுகிறது:

```c
e      = v*cos(theta) + q*sin(theta);
wi    += Ki*e*Ts;
w      = w0 + wi + Kp*e;
theta += w*Ts;   // 2*pi தாண்டினால் கழிக்க
```

`theta` என்பது உள்ளே ஓடும் அலையின் கட்டம். `v` என்பது கம்பியில் அளந்த மின்னழுத்தம். உச்சம் 1 என்று இருக்கும்படி வகுத்து எடுத்தது. `q` அதே அலையின் கால் சுற்றுப் பின்தங்கிய நகல். முதல் வரியில் வரும் `e`, உண்மைக் கட்டத்துக்கும் நம் கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் சைன் மதிப்பு. நாம் பின்தங்கியிருந்தால் அது நேர்மமாக வரும். கடைசி வரியில் `theta` சற்று வேகமாக நகரும்.

`q` எதற்கு? அது இல்லாமல் `v`-ஐ மட்டும் உள் அலையோடு பெருக்கி இரட்டித்தாலும் அதே வித்தியாசம் கிடைக்கும். ஆனால் கூடவே 100 ஹெர்ட்ஸில் ஒரு பெரிய அதிர்வும் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு சைன் அலைகளைப் பெருக்கினால் கூட்டலும் கழித்தலுமாக இரண்டு பிறக்கும் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கூட்டல்தான் இது. கால் சுற்று நகல் அந்த அதிர்வை அடித்துவிடுகிறது. நகலை உண்டாக்கப் பொறியாளர்கள் பெரும்பாலும் ‘சோகி’ என்ற ஒரு சிறு வடிகட்டியைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். இரண்டாம், மூன்றாம் வரிகளில் இருப்பதுதான் லூப் வடிகட்டி. அதில் `Kp`, `Ki` என்ற இரண்டு எண்களை எவ்வளவு வைப்பது?

பின்தங்கி ஓடும் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். தினமும் காலையில் முள்ளைத் தள்ளி வைத்தால் அன்றைக்குச் சரியாகும். ஆனால் கடிகாரம் மெதுவாக ஓடும் குணம் அப்படியே இருக்கும், மறுநாளும் பின்தங்கும். `Kp` மட்டும் செய்வது இந்த வேலை. கடிகாரத்தின் வேகத்தையே திருத்தும் திருகாணி `Ki`. பிழையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்து, ‘இந்த அலை 50 இல்லை, 49.9’ என்று கற்றுக்கொள்வது அது.

`Kp` மட்டும் வைத்து, அதன் மதிப்பை 8.9 என்று கொள்வோம். மின்கட்டமைப்பின் அதிர்வெண் 0.5 ஹெர்ட்ஸ் விலகினால் நம் கணிப்பு நிரந்தரமாக 20 பாகைக்கு மேல் பின்தங்கியே நிற்கும். விலகல் 1.4 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பிடியே கழன்றுவிடும்; சைன் மதிப்பு 1-க்கு மேல் போகாது, அதனால் தள்ளுவதற்கு அதனிடம் வேறு வலு இல்லை. `Ki`-யும் சேர்ந்தால் நிலையான விலகலுக்குக் கட்டப்பிழை பூஜ்யம். இந்தியாவில் மின்கட்டமைப்பு 49.90-க்கும் 50.05-க்கும் இடையே இருக்கவேண்டும் என்பது விதி. அந்தப் பட்டைக்குள் அது எந்நேரமும் அலைந்துகொண்டேதான் இருக்கும். எனவே இந்த வேலைக்கு இரண்டும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை.

எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்பதில்தான் பேரம். வளையத்தின் இயல்பு அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸாகவும் தணிப்பை 0.7 ஆகவும் எடுத்தால் `Kp` ஏறத்தாழ 89, `Ki` ஏறத்தாழ 3,950. கலைந்த கட்டம் சுமார் 100 மில்லி வினாடியில், அதாவது ஐந்து சுற்றில், அடங்கிவிடும். ஆனால் முன்பு சொன்ன 100 ஹெர்ட்ஸ் அதிர்வு `q` இல்லாமல் உள்ளே நுழைந்தால், கட்டம் இருபுறமும் 8 பாகை ஆடும். வளையத்தை 1 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அந்த ஆட்டம் 0.8 பாகையாகக் குறையும். அடங்குவதற்கோ ஒரு முழு வினாடி ஆகும். `q` இருந்தாலும் இந்தப் பேரம் தீராது. கம்பியில் வரும் மற்ற அழுக்குகளுக்கும் இதே கணக்குத்தான்.

மெதுவான வளையத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது பிடிப்பின்போது தெரியும். தொடக்க வித்தியாசம் சிறியதாக இருந்தால் வளையம் ஒரே இழுப்பில் அலையைப் பிடித்துவிடும். அந்த எல்லை ஏறத்தாழ `Kp` அளவு: முதல் வளையத்துக்கு 14 ஹெர்ட்ஸ், மெதுவானதற்கு 1.4 ஹெர்ட்ஸ். எல்லைக்கு வெளியே தொடங்கினால் `e` மேலும் கீழும் ஆடும், கட்டம் முழுச் சுற்றுகளாக நழுவும். ஆனாலும் அந்த ஆட்டம் சமச்சீராக இருப்பதில்லை. சரியான திசையில் இழுக்கும்போது இரண்டு அதிர்வெண்களும் நெருங்குவதால் அந்தப் பாதி சற்று நீள்கிறது, எதிர்ப் பாதி குறுகுகிறது. அந்தச் சிறு மிச்சத்தை `Ki` சேர்த்துவைத்து, நழுவ நழுவ அருகே கொண்டுவந்து ஒருவழியாகப் பிடித்துவிடும்.

60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான அமைப்போடு வந்த இன்வெர்ட்டரை நம் 50 ஹெர்ட்ஸ் கம்பியில் இணைத்தார்கள் என்று வையுங்கள். மெதுவான வளையம் இப்படி இழுத்துப் பிடிக்கப் பதினொரு வினாடிக்கு மேல் ஆகும். இழுக்கும் வலு மிக மெல்லியது என்பதால், அளவியில் சிறு நிலைப்பிழை இருந்தால் அந்தப் பிடிப்பு நடக்காமலே போகலாம். ஆகையால் யாரும் இதை நம்பி விடுவதில்லை. `w0`-வைச் சரியாக வைத்து, `wi`-க்கு மேல் கீழ் வரம்பு கட்டுகிறார்கள்.

அதிர்வெண் சரியாகவே இருந்தாலும் ஒரு பொறி உண்டு. தொடங்கும் கணத்தில் கட்டவித்தியாசம் 180 பாகைக்கு அருகே இருந்தால் அதன் சைன் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். முழுக்கத் தலைகீழாக நிற்கும் வளையம், ‘எல்லாம் சரி’ என்று நினைத்துச் சில சுற்றுகள் அப்படியே தொங்கும். பரிகாரம் எளிது. `v`, `q` இரண்டும் கையில் இருப்பதால் `atan2` கொண்டு கட்டத்தை ஒருமுறை நேராகக் கணக்கிட்டு `theta`-வில் எழுதிவிட்டு, பிறகு வளையத்தை ஓடவிடலாம்.

வளையத்தைப் பூட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருக்கமுடியாது. 2016 ஆகஸ்ட் 16 அன்று தெற்குக் கலிபோர்னியாவில் ‘புளூ கட்’ காட்டுத்தீயின் புகை 500 கிலோவோல்ட் மின்தடங்களைச் சூழ்ந்து மின்கசிவுகளை ஏற்படுத்தியது. காலை 11.45-க்கு ஏற்பட்ட ஒரு கசிவு சில சுற்றுகளிலேயே துண்டிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் ஏறத்தாழ 1,200 மெகாவாட் சோலார் உற்பத்தி இணைப்பை விட்டு விலகியது. அதில் சுமார் 700 மெகாவாட் விலகியதற்கு, அதிர்வெண் 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே போய்விட்டது என்று இன்வெர்ட்டர்கள் கணித்ததே காரணம். அது 60 ஹெர்ட்ஸ் நாடு. உண்மையில் அங்கே அதிர்வெண் அன்று 59.8-க்குக் கீழே இறங்கவேயில்லை.

இல்லாத வீழ்ச்சியை இன்வெர்ட்டர் எப்படிப் பார்த்தது? கசிவு ஏற்படும்போதும் விலகும்போதும் மின்னழுத்த அலையின் கட்டம் திடீரென்று தாவும். நம் முதல் வளையத்தில் 30 பாகைத் தாவலை விட்டுப் பார்ப்போம். இது அன்றைய கருவிகளின் அளவு அல்ல, என் கணக்கு. 30 பாகையின் சைன் 0.5, அதை `Kp`-யின் 89-ஆல் பெருக்கினால் 44.5 ரேடியன், அதாவது 7 ஹெர்ட்ஸ். தாவல் பின்னோக்கி இருந்தால் `w` என்ற மாறி அந்தக் கணமே 60-லிருந்து 53-க்கு விழும். மின்கட்டமைப்பில் எந்த ஜெனரேட்டரும் வேகம் குறையவில்லை. கட்டத்தை எட்டிப்பிடிக்க வளையம் போட்ட பிரேக் அது. அதை ‘அதிர்வெண்’ என்று படித்து, 57-க்குக் கீழே போனால் உடனே துண்டி என்று எழுதியிருந்தால், இன்வெர்ட்டர் துண்டித்துத்தான் தீரும்.

அதிர்வெண்ணை `w`-விலிருந்து எடுக்காமல் `wi`-யிலிருந்து எடுத்தால் அதே தாவலுக்கு வீழ்ச்சி சுமார் 2.4 ஹெர்ட்ஸ்தான், 57-க்குச் சற்று மேலே தப்பிக்கும். அதுவும் ஒரு சுற்று கழித்துத் தெரியும் பொய்தான், ஆனால் சிறிய பொய். உறுதியான தீர்வு காத்திருப்பது. வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பான நெர்க், இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதிர்வெண் குறைவுக்காகத் துண்டிக்கும் முன் குறைந்தது 5 வினாடி பொறுக்கும்படி இன்வெர்ட்டர்களை மாற்றப் பரிந்துரைத்தது. எனினும் கதை அதோடு முடியவில்லை. 2021 மே 9-இல் டெக்சஸின் ஒடெஸா அருகே 1,100 மெகாவாட்டுக்கு மேல் சோலார் உற்பத்தி சரிந்தபோது, காரணப் பட்டியலில் பி.எல்.எல். ஒத்திசைவு இழந்ததும் இருந்தது.

இன்வெர்ட்டர் வடிவமைப்போரும் வாங்கிச் சோதிப்போரும், 50 ஹெர்ட்ஸ் சுத்தமான அலையைக் கொடுத்து வளையம் பூட்டுகிறதா என்று மட்டும் பார்த்து முடித்துவிடாதீர்கள். ஓடும் அலையில் 30 பாகை, பிறகு 60 பாகை தாவலைச் செலுத்துங்கள். கட்டம் எத்தனை சுற்றில் அடங்குகிறது, அதுவரை அதிர்வெண் எண் எங்கே போய் வருகிறது, அந்த எண்ணை நம்பி எந்த ரிலே வேலை செய்கிறது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.