மங்கிய பில்லில் எண்களை மீட்பது எப்படி?

மளிகைக்கடையில் தரும் சிறிய பில்லில் மை கிடையாது. பலருக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் மங்கிப்போன பில்லை வாசிக்க உட்காருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தெர்மல் பேப்பரின் மேல்பூச்சில் நிறமற்ற ஒரு சாயமும், லேசான அமிலத்தன்மை கொண்ட இன்னொரு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பிரிண்டரின் தலையில் இருக்கும் நுண்ணிய சூடேற்றிகள் தொட்ட இடத்தில் மட்டும் இரண்டும் உருகிக் கலக்கின்றன. கலந்த இடம் கறுக்கிறது. அந்தக் கறுப்பு நிலையானதல்ல. எண்ணெய்ப் பிசுக்கு, பர்ஸின் பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் நெகிழ்வூட்டிகள், வெயில், ஈரப்பதம் ஆகியவை அந்தக் கலவையைக் குலைக்கும்போது சாயம் மீண்டும் நிறமற்றதாகிவிடுகிறது.

ஆகவே மங்கிய பில்லில் எழுத்து அழிந்திருப்பதில்லை, வெளுத்திருக்கிறது. வெளுப்பும் எல்லா இடத்திலும் ஒரே சீராக நடப்பதில்லை. பர்ஸில் மடிந்து உள்ளே இருந்த பகுதி கறுப்பாகவே இருக்கும். வெளிப்பக்கம் வெறும் சாம்பல் நிழலாகியிருக்கும். கசங்கிய மடிப்புகளிலோ நிலைமை தலைகீழ். அங்கே பூச்சு உரசி, உரசலின் சூட்டிலேயே புதிய கறுப்புக் கீற்றுகள் தோன்றியிருக்கலாம். எண்ணாக இல்லாதது எண் போலத் தெரிவதற்கு இதுவே முதல் காரணம். செங்குத்தான ஒரு மடிப்புக் கீற்றை மென்பொருளும் மனிதக் கண்ணும் ‘1’ என்று படித்துவிடும்.

கசங்கிய தாளை நேராக்க இஸ்திரிப் பெட்டியை எடுக்கக் கூடாது. பொதுவாக 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இந்தத் தாள் கறுக்கத் தொடங்கும். ஒரே இழுப்பில் முழு பில்லும் கரும்பலகையாகிவிடும். பின்பக்கம் லேசாகச் சூடு காட்டினால் எழுத்து திரும்ப வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. சில தாள்களில் வரவும் கூடும். ஆனால் தவறினால் திருத்த வழியில்லை. படம் எடுக்காமல் அதைச் செய்வது பொறுப்பற்ற வேலை என்பதே என் கருத்து. கனமான புத்தகங்களுக்கு இடையில் ஓர் இரவு வைத்தாலே போதும்.

படம் எடுப்பதிலும் ஒரு கவனம் தேவை. செல்பேசியில் இருக்கும் ‘ஸ்கேன்’ செயலிகள் பல படத்தை உடனே கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துவிடும். பிரிக்கும் எல்லைக்கு மேலே இருக்கும் வெளிர் சாம்பல் கோடுகள் எல்லாம் வெள்ளையாகிக் காணாமல் போகும். நமக்குத் தேவையானவை அந்தக் கோடுகள்தான். சாதாரணக் கேமராவில், ஜன்னலோரப் பரவல் ஒளியில், ஃபிளாஷ் இல்லாமல் வண்ணப்படமாகவே எடுக்க வேண்டும். பிறகு கணினியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால், எந்த நிறத்தில் எழுத்து அதிகம் தெரிகிறது என்பது கண்ணுக்கே புரியும். வெளுத்த சாயம் பழுப்பாக இருந்தால் நீலப் பிரிவிலும், நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் சிவப்புப் பிரிவிலும் அது தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் முன்தயாரிப்பு. எழுத்தை எந்த இடத்தில் தேடுவது என்று அறிவதில்தான் உண்மையான வாசிப்பு இருக்கிறது. மளிகைக்கடைகளில் பரவலாக இருக்கும் 58 மி.மீ. அகலத் தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வீதம் ஒரு வரிக்கு 384 புள்ளிகள். வழக்கமான எழுத்துரு 12 புள்ளி அகலம் என்பதால் ஒரு வரியில் சரியாக 32 எழுத்துகள் அடங்கும். ‘I’ ஆனாலும் ‘W’ ஆனாலும் ஒரே அகலம்தான், ஒன்றரை மில்லிமீட்டர். அதாவது பில் என்பது 32 கட்டங்கள் கொண்ட ஒரு கட்டத்தாள். எழுத்து வெளுத்துப் போனாலும் அது நின்ற கட்டம் போகாது.

அந்தக் கட்டங்களை அளக்க ஓர் அளவுகோலும் பில்லிலேயே இருக்கிறது. பொருள் பட்டியலுக்கு மேலும் கீழும் ஓடும் சிறுகோட்டு வரிசைதான் அது. நாம் அலங்காரம் என்று கடந்துபோகும் அந்த வரியில் ஒவ்வொரு சிறுகோடும் ஒரு கட்டம். அந்த வரி எங்கே மேலேறுகிறது, எங்கே தொய்கிறது என்று பார்த்தால் தாள் அந்த இடத்தில் எப்படிக் கசங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எண்கள் வலப்பக்கம் ஒட்டி அச்சாவதும் உதவியான செய்தி. தொகைக்கு எப்போதும் இரண்டு தசம இலக்கம். ஆகவே வலமிருந்து மூன்றாவது கட்டத்தில் புள்ளி இருந்தே தீரும். வெளுக்கும்போது முதலில் மறைவது அந்தச் சிறு புள்ளிதான். ‘12600’ என்று படிக்கக் கிடைத்தால், கட்டத்தை எண்ணி 126.00 என்று தயங்காமல் எழுதலாம். எடைபோட்டு விற்கும் பொருளின் அளவுக்கு மூன்று தசம இலக்கம் வருவதால் அதன் புள்ளிக்கும் நிலையான இடம் உண்டு.

மென்பொருளின் உதவியோடு செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டெசராக்ட் என்னும் இலவச எழுத்துணரியைக் கீழே உள்ளபடி ஓட்டினால், ஒவ்வொரு சொல்லும் படத்தில் நின்ற இடத்தோடு பட்டியலாகக் கிடைக்கும்.

```
tesseract bill.png bill --psm 6 tsv
```

அந்தப் பட்டியலில் `left`, `width` இரண்டையும் கூட்டினால் சொல்லின் வலது விளிம்பு வரும். ஓர் எண் அளவா, விலையா, தொகையா என்று முடிவுசெய்ய இந்த வலது விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். இடது விளிம்பு எண்ணின் நீளத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

கசங்கல் செய்யும் பெரிய கேடு வரிசைகளைக் குழப்புவது. இடப்பக்கம் பொருளின் பெயர், வலப்பக்கக் கோடியில் தொகை. நடுவே ஒரு மடிப்பு. அந்த மடிப்பில் தாள் அரை வரி அளவுக்கு இறங்கியிருந்தால், சர்க்கரையின் தொகை அடுத்த வரியில் உள்ள காப்பித்தூளோடு ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்து வரிசை பிரிக்கும் நிரல்கள் இங்கேதான் தவறுகின்றன. ஒரு சொல்லிலிருந்து அதற்கு அடுத்த சொல்லுக்கு, அந்த இடத்தின் சாய்வைப் பின்பற்றி, படிப்படியாக வலப்பக்கம் நகர்வதே சரி. தவறு நடந்திருந்தால் அடையாளமும் தெளிவாகத் தெரியும்: அடுத்தடுத்த வரிசைகளில் பெருக்கல் ஒருசேரப் பிழையாக வரும், தொகைகளை ஒரு வரிசை மேலே நகர்த்தினால் அவை ஒருசேரச் சரியாகும்.

பெருக்கல்தான் நம் கையில் இருக்கும் கடைசி ஆயுதம், வலுவானதும் கூட. ஒரு பில் இப்படிப் படிக்கக் கிடைத்தது என்று கொள்வோம். கண்ணுக்குப் பிடிபடாத இலக்கங்களுக்குக் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

```
ITEM           QTY   RATE    AMT
--------------------------------
TUR DAL      0.500 172.00  86.00
GINGELLY OIL     2 198.00 396.00
SUGAR        1.250  46.00  5?.50
COFFEE PDR   0.2?0 6?0.00 1?8.00
BATH SOAP        8  42.00 126.00
SALT 1KG         2  22.00  44.00
--------------------------------
TOTAL                     837.50
```

துவரம்பருப்பு, நல்லெண்ணெய், உப்பு மூன்றும் அளவையும் விலையையும் பெருக்கினால் தொகையோடு ஒத்துப்போகின்றன. சர்க்கரை எளிது: 1.250 கிலோவை 46 ரூபாயால் பெருக்கினால் 57.50. மறைந்த இலக்கம் 7. சோப்பில் கேள்விக்குறியே இல்லை, ஆனால் பிழை இருக்கிறது. எட்டு சோப்பு 42 ரூபாய் வீதம் 336 ஆகும். பில்லில் 126 என்று இருக்கிறது. 126-ஐ 42-ஆல் வகுத்தால் 3. இடப்பக்க வளைவில் தூசியோ கீற்றோ சேர்ந்தால் ‘3’ எட்டாகிவிடும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்குப் பழகிய விஷயம். இங்கே தப்பு தொகையில்தான் இருக்கிறது, 336 என்பதே சரி என்று யாராவது வாதிட்டால், மற்ற வரிகளோடு கூட்டிப் பார்த்தாலே போதும். காப்பித்தூளைச் சேர்க்காமலேயே மொத்தம் 919.50 ஆகி 837.50-ஐத் தாண்டிவிடும்.

காப்பித்தூள் வரிசையில் மூன்று இலக்கங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பத்து வாய்ப்புகள், ஆக மொத்தம் ஆயிரம். அளவு, விலை, தொகை மூன்றும் பெருக்கலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையைப் போட்டுப் பார்த்தால் நான்குதான் மிஞ்சும்: 200 கிராம் 640 ரூபாய் விலையில் 128, 200 கிராம் 690 விலையில் 138, 230 கிராம் 600 விலையில் 138, 280 கிராம் 600 விலையில் 168. இப்போது மொத்தத்தைப் பார்ப்போம். மற்ற ஐந்து பொருள்களின் கூட்டல் 709.50. அதை 837.50-இலிருந்து கழித்தால் 128. ஆகவே 0.200, 640.00, 128.00. ஆயிரம் வாய்ப்புகளில் ஒன்றே ஒன்று நின்றது, யூகத்துக்கு இடமே இல்லாமல்.

உண்மையான பில்களில் பைசா முழுமையாக்கல் குறுக்கே வரும். 0.365 கிலோவை 46.50 ரூபாயால் பெருக்கினால் 16.9725, பில்லில் 16.97 என்று இருக்கும். ஆகவே பெருக்கலில் ஒரு பைசா வித்தியாசத்தை அனுமதிக்க வேண்டும். கீழே முழு ரூபாயாக்கிய தொகையும் தனியே இருக்கக்கூடும். அதை மொத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தள்ளுபடி வரி இருந்தால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வரி போடும் கடையின் பில்லில் மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டும் ஒரே தொகையாக அச்சாகும். ஒன்று வெளுத்திருந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. ஒரே ஒரு எண்ணிக்கை வாங்கிய பொருளில் விலையும் தொகையும் ஒன்றுதான். 66.00 என்று அச்சானதை இரண்டு இடத்திலும் 86.00 என்று படித்துவிட்டால் பெருக்கல் சரியாகவே வரும், தவறு தெரியாது. பிடித்துக்கொடுக்க மொத்தத்தால் மட்டுமே முடியும். அந்த மாதிரி வரிசையில் ஒரே எண் இரண்டு முறை அச்சாகியிருப்பதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் விடுபட்ட கோடு இன்னொன்றில் தெரியலாம்.

மொத்தமும் மங்கியிருந்தால், அல்லது இரண்டு வரிசைகளின் விலையும் தொகையும் முழுதாகப் போயிருந்தால், கணக்கு நின்றுவிடும். இரண்டாவது நிலையில் அந்த இரண்டு வரிசைகளும் சேர்ந்து, உதாரணமாக, 130 ரூபாய் என்பது வரைதான் தெரியும். எது எவ்வளவு என்று பில் சொல்லாது. அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டு, மேலே ‘இரண்டும் சேர்த்து 130.00’ என்று எழுதிவைப்பதே சரி. வேறு நாளின் விலையைக் கொண்டுவந்து நிரப்பினால் அட்டவணை அழகாக இருக்கும், ஆனால் அது அந்த பில்லின் அட்டவணையாக இருக்காது. பணம் திரும்பப் பெறவோ உத்தரவாதம் கோரவோ பில் தேவைப்படுகிறவர்கள் அந்தக் கடையிலேயே பில் எண்ணைச் சொல்லி நகல் கேட்கலாம். பில் எண்ணும் தேதியும் மேலே தலைப்பில் இருக்கும், அந்தப் பகுதி பர்ஸில் மடிந்து உள்ளே போயிருந்தால் அவை தப்பியிருக்கும்.