ஒரு கட்டுரை, ஏழு வாசல்

மாதக்கணக்கில் அலைந்து, ஆட்களைச் சந்தித்து, இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை எழுதுகிறோம். அது வெளியான அன்று அதன் இணைப்பைப் பகிர்கிறோம். மறுநாள் வேறு வேலை வந்துவிடுகிறது, கட்டுரையும் பார்வையிலிருந்து போய்விடுகிறது. இந்த இழப்பைக் குறைக்கத்தான் பத்திரிகைகளும் தனி எழுத்தாளர்களும் ஒரு நீண்ட கட்டுரையிலிருந்து ஒரு வாரத்துக்கான சிறு பதிவுகளை எடுக்கிறார்கள். ஆனால் பலரும் கட்டுரையை ஏழு துண்டாக வெட்டி, நாளுக்கு ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். புதன்கிழமை துண்டைப் பார்ப்பவர் திங்கட்கிழமை துண்டைப் படித்திருக்க மாட்டார். "இதனால்தான் அந்தக் கிராமத்தில்..." என்று பதிவு தொடங்கினால், எதனால், எந்தக் கிராமம் என்று தேடுவதற்கு அவர் நிற்கப் போவதில்லை.

வெட்டுவதை விட்டுவிட்டு, கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும். கட்டுரையை மறுபடி படித்து, அது யார் யாருடைய எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றி ஒரு கட்டுரை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரிக்குப் பக்கத்தில் மனை வாங்கியவருக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. பழைய கட்டுமானத்தில் ஆர்வமுள்ளவருக்கும், வரலாறு படிக்கும் மாணவருக்கும், தூர்வாரும் வேலையில் இறங்கிய இளைஞருக்கும் வேறு வேறு பதில்கள் இருக்கின்றன. ஒருவருக்கு ஒரு நாள் என்று ஒதுக்கினால் கோணங்கள் தாமே பிரிந்து நிற்கும்.

திங்கட்கிழமையை மனை வாங்கியவருக்குக் கொடுப்பேன், ஏனென்றால் அவருடைய கேள்விதான் மிக அதிகம் பேருக்கு உரியது. பதிவு இப்படி இருக்கலாம்: "ஏரி நிரம்பிவிட்டால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? கரையின் ஓரத்தில் கரையைவிடத் தாழ்வாகக் கட்டிய கலிங்கு வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வழியில் வீடு கட்டினால், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும்." மொத்தம் 24 சொற்கள். கட்டுரையில் இதே விஷயம் நடுப்பகுதியில், ஏரிகளின் சங்கிலித் தொடரை விளக்கும் நீளமான பத்தியில் இருக்கும். அங்கிருந்து ஒரு வாக்கியத்தைக்கூட அப்படியே எடுக்கவில்லை, புதிதாகத்தான் எழுத வேண்டியிருந்தது.

எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து வரம்பு. தமிழில் அது கண்ணுக்குத் தெரிவதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் அந்தக் கணக்கு தனித்தனியாக எண்ணுகிறது. "தண்ணீர்" நமக்கு நான்கு எழுத்து, அந்தக் கணக்கில் ஏழு. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 எழுத்தாகக் கணக்காகும். எனவே ஒரு பதிவுக்கு முப்பது சொல்லுக்குள் நிற்பது நல்லது. மேலே உள்ள பதிவு இணைப்போடு சேர்த்து வரம்புக்குள் அடங்கும். ஃபேஸ்புக்கில் இடம் தாராளம் என்றாலும், முதல் சில வரிகளுக்குப் பிறகு பதிவு மடங்கிவிடும். அங்கேயும் விஷயம் முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரே ஒரு பொருள் போதும்: குமிழித் தூம்பு. ஏரிக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்களை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு அடியில் உள்ள மூடியைத் தூக்கினால் தண்ணீர் சுழன்று இறங்கும், கீழே உள்ள துளைகள் வழியாகச் சேறும் கலங்கி வெளியேறும். ஒரு படமும் மூன்று வரியும் போட்டால் பதிவு முடிந்தது.

புதன்கிழமையில்தான் கவனம் தேவை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் ஏரி வாரியத்தைப் பற்றி எழுத ஆசை வரும். முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. "ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் காக்க ஊரே கூடித் தேர்தல் நடத்தியது" என்று எழுதினால் பதிவு வேகமாகப் பரவும். ஆனால் அது ஒரு பிரமதேய ஊர். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வரை வயது என்று நிபந்தனைகள் இருந்தன. "ஊரே" என்ற சொல் பொய்யாகிவிடுகிறது. கட்டுரையில் இந்த நிபந்தனை அடுத்த பத்தியிலேயே இருக்கும், அதனால் யாரும் ஏமாற மாட்டார்கள். சிறு பதிவில் அடுத்த பத்தி என்று ஒன்று கிடையாது. ஒரு செய்தியைச் சுருக்கும்போது முதலில் உதிர்வது இப்படிப்பட்ட நிபந்தனைதான். ஆகவே ஒவ்வொரு பதிவையும் எழுதி முடித்ததும் கட்டுரையில் அந்தச் செய்தி வரும் இடத்துக்குத் திரும்பிப் போய், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே "ஆனால்", "மட்டும்", "தவிர" என்று ஏதாவது இருந்தால் அது பதிவுக்குள்ளும் வர வேண்டும். இடம் இல்லையென்றால் வேறு செய்தியைத் தேர்ந்தெடுக்கலாம்.

வியாழன் ஒரு மனிதருக்கு. மடையைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டியின் ஒரு நாள் வேலையைச் சொல்லலாம். வெள்ளிக்கிழமை பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தும் நாள்: ஏரியை மட்டும் தூர்வாரினால் போதாது, வரத்துக் கால்வாய் அடைபட்டிருந்தால் ஆழமான ஏரிக்கும் தண்ணீர் வராது. சனிக்கிழமை, பக்கத்து ஏரிக்குப் போய்க் கலிங்கையும் மதகையும் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். ஞாயிறு, வாரம் முழுக்க வந்த கேள்விகளில் ஒன்றுக்குப் பதிலும், முழுக் கட்டுரையின் இணைப்பும்.

இந்த வரிசை கல்லில் எழுதியதல்ல. வடகிழக்குப் பருவமழையில் புதனன்று ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் கலிங்குப் பதிவை அன்றைக்கே போட வேண்டும், வரலாறு காத்திருக்கும்.

பதிவுகள் சரியாக வந்தனவா என்பதைப் பின்னூட்டங்கள் காட்டிக்கொடுக்கும். பதிவிலேயே பதில் உள்ள ஒன்றைப் பலர் கேட்டால் முதல் வரி சரியாக அமையவில்லை. முந்தைய நாள் பதிவில் இருந்ததைக் கேட்டால், இன்றைய பதிவு தனித்து நிற்கவில்லை. கட்டுரையில் மட்டுமே விரிவாக உள்ள ஒன்றைக் கேட்டால் பதிவு தன் வேலையைச் செய்திருக்கிறது, அங்கே இணைப்பைக் கொடுக்கலாம். வெளியிடும் முன்பே சோதிக்க வேண்டுமென்றால், கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் வியாழக்கிழமை பதிவை மட்டும் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டால் போதும்.

எல்லாக் கட்டுரையும் இதற்கு இடம் கொடுக்காது. படிப்படியாக ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பும் கட்டுரையில், கடைசி முடிவை மட்டும் எடுத்துப் போட்டால் அது வெறும் அபிப்பிராயமாகத் தெரியும். குற்றச்சாட்டு உள்ள புலனாய்வுக் கட்டுரை இன்னும் சிக்கலானது. ஏரி ஆக்கிரமிப்பு என்று ஒருவர் மீதான புகார் திங்களன்றும் அவருடைய விளக்கம் வியாழனன்றும் வந்தால், நடுவில் மூன்று நாட்கள் அவர் பதில் சொல்லாதவராகவே ஊருக்குத் தெரிவார். திங்கட்கிழமை பதிவைப் பகிர்ந்த பலர் வியாழக்கிழமை பதிவைப் பார்க்கவே மாட்டார்கள். அப்படிப்பட்ட கட்டுரையைப் பிரிக்கக் கூடாது. புகாரும் பதிலும் ஒன்றாக உள்ள ஒரே பதிவும் முழுக் கட்டுரையின் இணைப்பும் போதும்.