டிவியை எந்த உயரத்தில் மாட்டுவது?

புது டிவியை மாட்ட வரும் ஊழியர் முதலில் தேடுவது பிளக் பாயிண்டை. அது ஐந்தரை அடியில் இருந்தால் டிவியும் அங்கேயே ஏறிவிடும். மாட்டி முடித்ததும், "உயரம் சரியா இருக்கா சார்?" என்று கேட்பார். நாமும் நின்றபடியே பார்த்துத் தலையாட்டுவோம். ஆனால் டிவியை யாரும் நின்றுகொண்டு பார்ப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது, அல்லது சாய்ந்திருக்கும்போது, கண் எங்கே இருக்கிறதோ அதை வைத்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஹால். வழக்கமாக உட்காரும் சோபாவில் இயல்பாக உட்கார்ந்து, தரையிலிருந்து கண் வரை டேப்பால் அளந்து பாருங்கள். பெரும்பாலான பெரியவர்களுக்கு 40 முதல் 42 அங்குலத்துக்குள் வரும். திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் இருப்பதே நல்லது. 43 அங்குல டிவி ஏறக்குறைய 22 அங்குல உயரம் இருக்கும். அப்படியானால் அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் வரும். 'இவ்வளவு கீழேயா?' என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் சுகம் தெரியும். தரையில் உட்கார்ந்து பார்ப்பவர்களும் இந்த உயரத்துக்குச் சிரமப்பட வேண்டியதில்லை. குழந்தைகள் தொடுவார்கள் என்றால் ஐந்தாறு அங்குலம் ஏற்றிக்கொள்ளலாம்.

இதைவிட வெகுவாக ஏற்றினால், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவர் தலையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு முழுப் படம் முடிவதற்குள் பிடரி வலிக்கத் தொடங்கும். மேல்நோக்கிப் பார்க்கும்போது இமைகள் அகலமாகத் திறப்பதால் கண்ணும் சீக்கிரம் உலரும்.

பெட்ரூமில் கணக்கு வேறு. தலையணையில் முதுகைச் சாய்த்தவரின் பார்வை தானாகவே சற்று மேல்நோக்கிப் போகிறது. அதனால் அங்கே டிவி உயரத்தான் வேண்டும். எவ்வளவு? கண்ணிலிருந்து சுவர் வரை உள்ள ஒவ்வொரு அடிக்கும் இரண்டு அங்குலம் ஏற்றினால், பார்வை ஏறக்குறைய 10 டிகிரி மேலே போகும். ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கட்டிலில் சாய்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 34 அங்குலத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவர் 9 அடி தள்ளி இருக்கிறது. 9 அடிக்கு 18 அங்குலம் கூட்டினால் 52. திரையின் நடு அந்த உயரத்தில் வர வேண்டும்.

உயர்த்திய டிவியைச் சுவரோடு நேராக விட்டால் படத்தைக் கீழிருந்து பார்ப்பதாகிவிடும். பல எல்இடி டிவிகளில் அப்படிப் பார்க்கும்போது கறுப்பு வெளிறும், நிறம் மங்கும். பார்வை எத்தனை டிகிரி மேலே போகிறதோ, அத்தனை டிகிரி திரை முன்புறமாகக் கீழ்நோக்கிச் சாய வேண்டும். நம் அறைக்கு அது 10 டிகிரி. அளக்க ஒரு நூல் போதும். சிறு கனத்தைக் கட்டி, திரையின் மேல் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். 22 அங்குல உயர டிவியில், அடிவிளிம்புக்கும் நூலுக்கும் இடையே நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருந்தால் அது 10 டிகிரி. டியூப் லைட் திரையில் பிரதிபலிப்பதையும் இந்தச் சாய்வு பெரும்பாலும் போக்கிவிடும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: சாய்வு படத்தைச் சரிசெய்யும், கழுத்தைச் சரிசெய்யாது. ஹாலில் ஆறடியில் மாட்டிய டிவியை எவ்வளவு சாய்த்தாலும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சுவரோடு ஒட்டி நிற்கும் பிராக்கெட் சாயாது. ஆகவே வாங்கும்போதே சாயும் வகையைக் கேட்டு வாங்குங்கள். வெளியே நீளும் கை கொண்ட பிராக்கெட் என்றால் ஆங்கர் போல்ட்டின் மேல் விழும் இழுவை கூடும். அது பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும்.

துளையிடும்போதுதான் பலருடைய கணக்கு தவறுகிறது. டிவியின் பின்புறத் திருகுத் துளைகள் எப்போதும் நடுவில் இருப்பதில்லை. டிவியை மெத்தையில் கவனமாகக் கவிழ்த்து, பிராக்கெட் முழுவதையும் பொருத்தி, திரையின் நடுவிலிருந்து சுவர்த் தகட்டின் துளை எவ்வளவு மேலே இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். 3 அங்குலம் மேலே என்றால், நம் பெட்ரூமில் துளை வர வேண்டியது 55 அங்குலத்தில். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் குழாய் ஓடக்கூடும். அந்தக் கோட்டில் துளையிட வேண்டாம்.

ஊழியர் வருவதற்கு முந்தைய நாளே டிவி அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாலையில் வழக்கமான இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிளக் பாயிண்ட் தள்ளி இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து அதை மாற்றிக்கொள்ளுங்கள். டிவியை அதற்காக ஏற்றாதீர்கள்.