உள்ள வாங்க தாத்தா!

முதன்முறையாக செல்ஃபி எடுக்கும் தாத்தாக்களின் படங்கள் பெரும்பாலும் ஒரே ஜாடையில் இருக்கின்றன. தலைக்கு மேலே மின்விசிறி, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட முகம், எதையோ உற்றுப் படிப்பது போன்ற பார்வை. பார்த்ததும் பேரப்பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கூடவே ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும். அந்த வரியைப் படித்துத் தாத்தாவும் சிரிக்க வேண்டுமென்றால், படம் ஏன் அப்படி விழுந்தது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கிட்டத்தில் இருக்கும் திரை தெளிவாகத் தெரியாது. தாத்தா கண்ணைச் சுருக்குகிறார். படத்தில் அது கோபமாகத் தெரிகிறது. அவர் பார்ப்பதும் திரையில் தெரியும் தன் முகத்தைத்தான், அதற்கு மேலே இருக்கும் சின்ன லென்ஸை அல்ல. அதனால் பார்வை தாழ்ந்துவிடுகிறது. ஒரே கையில் போனைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலைத் திரையின் அடியிலுள்ள வெள்ளை வட்டத்துக்கு நீட்டும்போது போன் சாய்கிறது. அந்த நொடியில்தான் படம் பதிவாகிறது. முகம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. பல போன்களில் பக்கவாட்டில் இருக்கும் ஒலிப் பொத்தானை அழுத்தினாலும் படம் விழும் என்று சொல்லிக்கொடுத்தால், அடுத்த படத்தில் இந்தச் சாய்வு பெரிதும் குறையும்.

மூக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேமரா மிக அருகில் இருக்கும்போது, முகத்தில் முன்னால் நீண்டிருக்கும் பகுதி மற்றவற்றைவிடப் பெரிதாகத் தெரியும். 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகன்று தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். எனவே மூக்கைக் கிண்டல் செய்வது, இல்லாத ஒன்றுக்காகத் தாத்தாவைக் கிண்டல் செய்வதாகும். தன் முகத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்த்துப் பழகியவர் அதை உண்மையென்றே நம்பிவிடுவார். அப்புறம் போனைக் கையில் எடுக்க மாட்டார்.

ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்வோம். டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய முதல் செல்ஃபியில் இடது பாதி முகம் மட்டும் இருக்கிறது. மீதி இடமெல்லாம் சுவரும் விசிறியும். பேத்தி முதலில் எழுதிப் பார்ப்பது, “இந்த வயசுல இதெல்லாம் தேவையா தாத்தா?” பாசத்தோடுதான் எழுதுகிறாள். ஆனால் அவரே மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. அழித்துவிடுகிறாள். அடுத்தது, “விசிறிக்குப் பக்கத்தில் இருப்பவர் எங்கள் தாத்தா.” இது யாரையும் நோகடிக்காது. என்றாலும் எந்தத் தாத்தாவின் படத்துக்கும் ஒட்டிவிடும் என்பதால் எனக்கு இதில் திருப்தியில்லை.

மூன்றாவதாக அவள் எழுதியது: “ஊரையே ‘படியில நிக்காதீங்க, உள்ள வாங்க’ன்னு அதட்டினவர், இன்னிக்கு அவரே படியில தொங்கிட்டு வர்றார். உள்ள வாங்க தாத்தா, இடம் இருக்கு!”

படத்தின் குறையை அப்படியே சொல்கிறது. ஆனால் சிரிப்பு அவர் வயதையோ உடம்பையோ தொடவில்லை. அவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வாசகமே அவரிடம் திரும்பி வருகிறது. அந்த வேலையில் அவர் எத்தனை கண்டிப்பானவர் என்ற பெருமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆசிரியராக இருந்த தாத்தா என்றால் வருகைப் பதிவேடு, விவசாயி என்றால் வரப்பு என்று, அவரவர் வாயில் புழங்கிய பேச்சிலிருந்துதான் இப்படியொரு வரி கிடைக்கும்.

அவள் ‘வர்றார்’ என்று எழுதியதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் தாத்தாவை ‘நீ, வா, போ’ என்று கொஞ்சும் பிள்ளைகள் நிறைய உண்டு, அது உரிமை. குடும்பக் குழுவிலோ சம்பந்தி வீட்டார் இருப்பார்கள், மருமகன்கள் இருப்பார்கள். அவர்கள் கண்ணெதிரே ‘தொங்குது’ என்று எழுதினால் கிண்டல் அவமரியாதையாகிவிடும். எழுதுவதையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவது நல்லது. தினமும் நாளிதழை வரி விடாமல் படிக்கும் மனிதர், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழை எழுத்துக்கூட்டித் தடுமாறினால், எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரியும்.

குழுவில் போடுவதற்கு முன் அவரிடம் காட்டிவிட வேண்டும். “ம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அந்த வரியை அங்கேயே விட்டுவிடலாம். “இன்னொரு தரம் படி” என்று கேட்டுப் பாட்டியையும் கூப்பிட்டால் தயங்காமல் அனுப்பலாம். கொஞ்ச நேரத்தில் அவரும், “மீதிச் சில்லறைய இறங்கும்போது வாங்கிக்கம்மா” என்று குரல் பதிவில் பதில் போடுவார். அதற்கு மேல் பேத்தி எதுவும் எழுதாமல் இருப்பதுதான் அழகு.