தாமதமாக இட்ட குறியும் தப்பான தூரமும்

அகல முதல் தேடலில் ஒரு கட்டத்தை வரிசையில் சேர்க்கும்போதே ‘பார்த்தாயிற்று’ என்று குறிக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது குறித்தால், காத்திருக்கும் கட்டத்தின் தூரம் மாறிப்போகலாம்.

எட்டுத் திசையிலும் நகரக்கூடிய 2×2 பலகையில் மேல் இடது மூலையில் தொடங்கினால், மற்ற மூன்று கட்டங்களும் தூரம் 1 பெற்று வரிசையில் நிற்கும். முதலில் மேல் வலது கட்டம் வெளியே வருகிறது. கீழே உள்ள இரண்டுக்கும் இன்னும் குறி இல்லாததால், அவற்றின் தூரம் 2 என்று மாற்றி எழுதப்படுகிறது. அடுத்துக் கீழ் இடது வரும்போது, கீழ் வலது 3 ஆகிறது. சரியான விடை மூன்றுக்கும் 1தான்.

நான்கு திசை மட்டும் என்றால் தூரம் சரியாகவே வரும்; ஒரே கட்டம் பலமுறை வரிசையில் சேர்ந்து நேரம்தான் வீணாகும். அதனால் அந்தச் சோதனையில் பிழை கண்ணில் படாது. குறியிடும் வரியை, வரிசையில் சேர்க்கும் வரியோடு வைத்தால் இரண்டு கோளாறும் தீரும்.